கங்கோத்திரிப் பள்ளத்தாக்கும் பனிக்கட்டிக் காலத்தின் சுவடுகளும்

நிந்தவூர், கல்முனைப் பகுதிகளின் நெல்வயல்கள் பெரிதும் பட்டிப்பளை ஆற்றின் கொடையாகும். மலைநாட்டிற் பிறந்து கிழக்கு நோக்கி ஓடிவரும் அவ்வாறு, தான் சுமந்துவரும் பொருள்களை ஓர் ஒழுங்குடன் தரம்பிரித்து இடுகின்றது. பெரும்பாறைகளை மலையடிவாரத்திலேயே கைவிடுகின்றது. உருண்டைக் கற்களை அதற்கப்பாலும், மணலை இன்னுங் கீழும், நுண்ணிய வண்டலைக் கடலோரத்திலும் படியவைக்கின்றது. வேகங் குறையக் குறையச் சுமக்கும் ஆற்றலுங் குறைவதே இதற்குக் காரணம். நீரின் இவ்வியல்பு நெஞ்சில் நன்கு பதிந்தவர்களுக்கு, நீரே இறுகிக் கட்டியாகி மலையிலிருந்து இறங்கும்போது செய்யும் வேலை பெரிதும் வேறுபட்டதாகத் தோன்றும். பனிக்கட்டிக்குத் தரம்பிரிக்கத் தெரியாது. வீடளவு பாறையையும் மாவளவு துகளையும் ஒரே முதுகிற் சுமந்துவந்து, உருகுமிடத்தில் ஒன்றாகவே கொட்டிவிடும். ஆறு செதுக்கிய பள்ளத்தாக்கும் பனிக்கட்டி செதுக்கிய பள்ளத்தாக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

இலங்கையில் இவ்வேலையை நேரிற் காண இயலாது. நம் நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலை 2,524 மீற்றர் உயரமே உடையது. வெப்பவலயத்தில் நிலையான பனி தங்குவதற்கு இன்று ஏறத்தாழ 5,000 மீற்றர் உயரம் வேண்டும். உலகம் மிகக் குளிர்ந்திருந்த காலத்தும் அவ்வெல்லை ஏறத்தாழ 1,000 மீற்றரளவே கீழிறங்கியது. ஆதலால் பனிக்கட்டிக் காலத்திலும் நம் மலைகளிற் பனிக்கட்டியாறு தோன்றியதில்லை. பாடநூல்கள் பெரும்பாலும் சுவிற்சலாந்தின் அல்ப்ஸ் மலைகளையே எடுத்துக்காட்டாகத் தருவன. ஆயின் அத்துணைத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. கங்கையின் தலைநீராகிய பாகீரதி பிறக்கும் கங்கோத்திரிப் பள்ளத்தாக்கில் இக்கதை முழுவதும் எழுதப்பட்டுள்ளது. அக்கதையின் ஒரு பகுதி, ஐரோப்பிய மலைகளைக் கொண்டு மாத்திரம் கற்றவர் எதிர்பாராத ஒன்றாகவும் இருக்கின்றது.

இமயத்தின் கார்வால் பகுதியில், ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளமுடைய கங்கோத்திரிப் பனிக்கட்டியாறு வடமேற்கு நோக்கி இறங்குகின்றது. அதன் முனையே கோமுகம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீற்றர் உயரத்தில் உள்ள அப்பனிக்கட்டிக் குகையிலிருந்து பாகீரதி வெளிப்படுகின்றது. யாத்திரிகர் தரிசிக்கும் கங்கோத்திரிக் கோயில் அங்கிருந்து ஏறத்தாழ 18 கிலோமீற்றர் கீழே உள்ளது. கோமுகத்தில் வெளிவரும் நீர் தெளிந்ததன்று. சாம்பல் கலந்த பால்போன்ற நிறமுடையது. அந்நிறத்துக்குக் காரணமான நுண்தூள், மேலே பனிக்கட்டியினடியிற் பாறை அரைபடுவதற்குக் கண்கூடான சான்றாகும்.

பனிக்கட்டி எவ்வாறு அரைக்கின்றது? முதலில் அது எவ்வாறு நகர்கின்றது என்பதை அறிதல் வேண்டும். மேலுச்சிகளில் ஆண்டுதோறும் விழும் பனியிற் கோடையில் உருகி முடியாத எச்சம் அடுத்த ஆண்டின் பனியால் மூடப்படுகின்றது. அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்ந்த பாரத்தினாற் கீழுள்ள பனியிலிருக்கும் காற்று வெளியேறி, பஞ்சு போன்ற பனி மணிமணியாகிப் பின்னர் நீலம் பாய்ந்த திண்கட்டியாகின்றது. இக்கட்டி சம்மட்டியால் அடித்தால் நொறுங்கும். ஆனால் பலபத்து மீற்றர் தடிப்புடையதாய்த் தன் பாரத்தைத் தானே தாங்க நேர்ந்தால், வெயிலில் வைத்த மெழுகைப்போல் மெல்ல மெல்ல வழியும். அடித்தளத்தில் உருகுநீர் இருப்பின் முழுக்கட்டியும் பாறையின்மேற் சறுக்கவுஞ் செய்யும். பாறையைச் செதுக்குவது பெரும்பாலும் இச்சறுக்கலே.

செதுக்குதல் இருவகையில் நிகழ்கின்றது. ஒன்று பிடுங்கல். பாறைவெடிப்புகளிற் புகுந்த நீர் உறையும்போது கனவளவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகின்றது. அந்நெருக்கத்தினால் வெடிப்பு அகன்று துண்டு தளர, அதனோடு ஒட்டி உறைந்த பனிக்கட்டி நகரும்போது துண்டையும் பெயர்த்துச் செல்கின்றது. மற்றையது உராய்தல். அவ்வாறு பெயர்த்த கற்கள் கட்டியின் அடியிற் பதிந்து, தச்சன் மரத்தைத் தேய்க்கும் அரத்தின் பற்களைப்போல் அடிப்பாறையைத் தேய்க்கின்றன. பனிக்கட்டி தனியே பாறையைத் தேய்க்கவியலாத அளவு மென்மையானது; அது பிடித்திருக்கும் கல்லே தேய்க்கின்றது. இத்தேய்வினாற் பாறையில் ஒருதிசைப்பட்ட நேர்க்கீறல்கள் உண்டாகின்றன. பனிக்கட்டி முற்றும் மறைந்து பல்லாயிரம் ஆண்டு கழிந்த பின்னரும் அது எத்திசையிற் சென்றதென்பதை அக்கீறல்கள் காட்டிநிற்கும்.

இனிப் பள்ளத்தாக்கின் வடிவத்துக்கு வருதல் தகும். ஆறு தன் படுக்கை என்னும் ஒடுங்கிய கோட்டினை மாத்திரமே வெட்டுகின்றது. அது ஆழ ஆழச் சென்றுகொண்டிருக்க, இருபக்கச் சரிவுகளும் மழையாலும் மண்சரிவாலும் சாய்ந்து, குறுக்குவெட்டு ஆப்பினைப்போல் அடி குறுகி மேல் அகன்று அமைகின்றது. பனிக்கட்டியாறோ அத்தகைய பள்ளத்தாக்கினுட் புகுந்தால் அதனை விளிம்புவரை நிரப்புகின்றது. நீர் ஒரு நாளிற் கடக்கும் தூரத்தைப் பனிக்கட்டி கடக்கப் பல நூற்றாண்டு வேண்டுமாதலின், மேலே சேரும் பனி முழுவதையும் கீழே கொண்டுசெல்ல அதற்கு மிக அகன்ற வழி தேவைப்படுகின்றது. ஆகவே பனிக்கட்டி அடியைமட்டுமன்றிப் பக்கங்களையும் ஒருங்கே தேய்க்கின்றது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. ஆப்புவடிவப் பள்ளத்தின் ஒடுங்கிய அடியிற் சிக்கிய பனிக்கட்டி இருபுறமும் உராய்வினாற் பிடிக்கப்பட்டு மெதுவாகவே நகரும். அதற்குச் சற்று மேலே, சரிவுகளின் நடுப்பகுதியிற் சறுக்கல் மிகுதி. எனவே தொடக்கத்தில் விரைந்து தேய்வது அடியன்று, பக்கங்களே. அடி அகன்ற பின்னரே தேய்வு முழுப்பரப்பிலும் சமன்படுகின்றது. இறுதியில் எஞ்சுவது, செங்குத்தான சுவர்களும் அகன்ற தட்டையான அடியுங் கொண்ட பள்ளத்தாக்காகும். ஆங்கில நூலார் அதனைத் தம் ‘யூ’ எழுத்துக்கு ஒப்பிடுவர். தமிழர்க்கு நம் ‘ப’ எழுத்தே அதனினும் பொருத்தமாக அமைந்துள்ளது.

கோமுகத்திலிருந்து கீழ்நோக்கி வருவோருக்கு இந்தப் ‘ப’ வடிவம் நெடுந்தூரம் புலப்படும். பக்கங்களிலிருந்து வந்துசேரும் சிறு பள்ளத்தாக்குகள் பல, முதன்மைப் பள்ளத்தாக்கின் அடியோடு சமமாக வந்து கூடாமல், சுவரின் உயரத்தே அந்தரத்தில் முடிந்து, அங்கிருந்து நீர் அருவியாக வீழ்கின்றது. சிறிய பனிக்கட்டியாறு தன் பெரிய துணையளவு ஆழமாகத் தோண்ட இயலாமற் போனதன் விளைவு இது. கங்கோத்திரிக் கோயிலருகே வேறொரு காட்சி உண்டு. அங்கு அகன்ற பள்ளத்தாக்கின் அடியில், பாகீரதி வெளிறிய கிறனைற்றுப் பாறையை அறுத்து ஒடுங்கிய இடுக்கொன்றினூடே இரைந்து பாய்கின்றது. பனிக்கட்டி விட்டுச்சென்ற ‘ப’வினுள்ளே, நீர் தன் ஆப்பினை மீண்டும் இறக்கத் தொடங்கியிருக்கின்றது என்க. இருவர் கைவேலையும் ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் காணப்படுதல் வியப்புக்குரியது.

பள்ளத்தாக்கின் வடிவம் பனிக்கட்டி அவ்விடம் வந்தது என்பதை மாத்திரம் கூறும். எதுவரை வந்தது, எத்தனை முறை வந்தது, எப்பொழுது வந்தது என்பனவற்றைக் கூறுவன அது விட்டுச்சென்ற கற்குவைகளே. இவற்றை மொரெயின் என்பர். பனிக்கட்டியாற்றின் இருமருங்கிலும் மலைச்சுவரிலிருந்து வீழ்ந்த கற்கள் நீண்ட வரம்புபோற் குவிவது பக்க மொரெயின். இரு பனிக்கட்டியாறுகள் கூடுமிடத்து, அவற்றின் உட்பக்க வரம்புகள் இணைந்து நடுவே கருங்கோடாகச் செல்வது நடு மொரெயின். ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது முனை மொரெயினாகும். பனிக்கட்டி முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருப்பினும், உருகுதலும் அதற்கு ஈடாக நிகழ்ந்தால் முனை ஓரிடத்திலேயே நிற்கும். அப்பொழுது, ஓயாது ஓடும் பட்டையொன்றின் வாயிலிருந்து பொருள்கள் விழுந்துகொண்டே இருப்பதுபோற் கற்கள் அங்குக் குவிந்து பிறைவடிவ மேடாகின்றன. பின்னர் வெப்பம் மிகுந்து முனை பின்வாங்கினாலும் மேடு பின்வாங்குவதில்லை. அது, வெள்ளம் வடிந்தபின் சுவரில் எஞ்சிய அழுக்குக்கோடு போன்றது.

ஆயினும் மலைநாட்டில் தரம்பிரியாத கற்குவை காணப்பட்ட இடமெல்லாம் மொரெயின் எனக் கொள்வது பிழையாகும். இமயத்தில் இப்பிழைக்கு இடம் மிகுதி. செங்குத்தான சரிவுகளிலிருந்து வீழ்ந்த பெருஞ்சரிவுகளும், மழைக்காலத்திற் சேறுங் கல்லுமாக இறங்கிய ஓட்டங்களும் மொரெயினைப்போலவே சிறிதும் பெரிதும் கலந்த குவைகளை விட்டுச்செல்கின்றன. வேறுபாடு காணக் கல்லின் இனத்தை நோக்குதல் வேண்டும். சரிவுக்குவையில் அதற்கு நேர்மேலேயுள்ள மலையின் கல்லே இருக்கும். மொரெயினிலோ பல கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சிகரத்தின் கல்லும் கலந்திருக்கும். பாகீரதிப் பள்ளத்தாக்கின் தலைப்பகுதி வெளிறிய கிறனைற்றால் ஆனது. கீழ்ப்பகுதியின் பாறைகள் பெரும்பாலும் கோடு கோடான நைசும் சிஸ்டும் ஆகும். சிஸ்டு மலையின் அடியில், ஆறு உருட்டிவர இயலாத அளவு பெரிய கிறனைற்றுப் பாறை, ஆற்றுக்கு வெகு உயரத்தே கிடந்தால் அதனைக் கொணர்ந்தது பனிக்கட்டியே எனலாம். கல்லின் முகங்கள் தட்டையாகத் தேய்ந்து கீறல் பட்டிருப்பின் ஐயம் மேலும் நீங்கும். அவ்வாறே, தட்டையான அடியுடைய பள்ளத்தாக்கெல்லாம் பனிக்கட்டி தோண்டியதும் அன்று. பெருஞ்சரிவொன்று ஆற்றை மறித்து ஏரியாக்க, ஏரியில் வண்டல் நிரம்பியும் தட்டையான அடி தோன்றுதல் கூடும். சுவர்களின் வடிவத்தையும் பாறையின் கீறலையும் சேர்த்து நோக்காமல் அடியை மாத்திரம் கண்டு முடிவு கூறுதல் தகாது.

இத்தகைய எச்சரிக்கையுடன் பாகீரதிப் பள்ளத்தாக்கை ஆராய்ந்தவர்களுள் மிலாப் சர்மா, லூயிஸ் ஓவன் என்னும் இருவர் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபுகள் பின்வந்த ஆராய்ச்சிகளுக்கு அடிப்படையாயின. கோமுகத்திற்குச் சிறிது கீழே, போஜ்பாசா என்னுமிடத்தையொட்டிக் கூர்மை குன்றாத மொரெயின் மேடுகள் உள்ளன. அவை சென்ற சில நூற்றாண்டுகளிற் பனிக்கட்டி சிறிது முன்னேறிநின்ற காலத்தவை. அவற்றினும் பழையனவாய், ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுக்கு முற்பட்டனவாகக் கொள்ளப்படும் மேடுகள் சிவலிங்கச் சிகரத்தை அண்மிக் காணப்படுகின்றன. இவையெல்லாம் இன்றைய முனையிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. ஆனால் இவற்றையெல்லாம் கடந்து, கங்கோத்திரிக் கோயிலையும் ஹர்சிலையுங் கடந்து, கோமுகத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் கீழேயுள்ள ஜாலா என்னும் சிற்றூர்வரை மிகப் பழைய மொரெயினின் எச்சங்கள் தொடர்கின்றன. ஜாலாவுக்குக் கீழே பள்ளத்தாக்கு குறுகி ஆப்புவடிவம் பெறுகின்றது. ஆகவே, இன்று 30 கிலோமீற்றர் நீளமுள்ள பனிக்கட்டியாறு ஒருகாலத்தில் 70 கிலோமீற்றர் நீண்டிருந்தது என்பது பெறப்படும்.

அக்காலம் யாது? இங்கேதான் ஆராய்ச்சி கடினமாகின்றது. கல்லின் வயது வேறு, கல் அங்கு வந்துசேர்ந்த காலம் வேறு, வேண்டுவது பின்னையதே. இதற்கு இரு வழிகள் பயன்படுகின்றன. முதலாவது, புதைந்த மணலின் ஒளிர்வை அளத்தல். மண்ணிலுள்ள இயற்கைக் கதிர்வீச்சு, புதைந்துகிடக்கும் குவாட்சு மணலில் ஆண்டுதோறும் சிறிது ஆற்றலைச் சேமித்துவைக்கின்றது. ஞாயிற்றொளி பட்டவுடன் அச்சேமிப்பு முழுவதும் அழிந்து கணக்கு மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். ஆய்வுகூடத்தில் அவ்வாற்றலை ஒளியாக வெளிப்படச்செய்து அளந்தால், மணல் இறுதியாக வெயில் கண்டது எப்பொழுது என்பது தெரியவரும். இரண்டாவது, மேட்டின்மேற் கிடக்கும் பெரும்பாறையின் மேற்றோலை ஆராய்தல். விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் குவாட்சினைத் தாக்கும்போது பெரிலியம்-10 என்னும் அரிய அணு உண்டாகின்றது. கடல்மட்டத்தில் ஒரு கிராம் குவாட்சில் ஆண்டொன்றுக்கு நாலைந்து அணுக்களே தோன்றும். உயர்மலையில் அதனினும் பல மடங்கு. அவ்வணுக்களை எண்ணினால், பாறை வானைப் பார்த்துக் கிடந்த காலம் வெளிப்படும்.

இரு வழிகளிலும் பிழை நுழையும் வாயில்கள் உள. பனிக்கட்டியினடியில் அரைபட்ட மணல் வெயிலே காணாமற் புதைந்திருப்பின், பழைய சேமிப்பு அழியாதிருந்து, உண்மையினும் மிக்க வயதைக் காட்டும். மேட்டிலிருந்த பாறை பின்னொருகாற் புரண்டு புதுமுகம் காட்டியிருப்பின், பெரிலியம் குறைந்த வயதைக் காட்டும். ஒரே மேட்டிற் பல பாறைகளை எடுத்து, விடைகள் ஒன்றோடொன்று இசைகின்றனவா என்று பார்ப்பதே பிழையைக் கண்டுகொள்ளும் வழி. ஒரு பாறை மற்றையவற்றினின்று பெரிதும் விலகினால் அதன் வரலாற்றை ஐயுறல் வேண்டும். ஜாலாவரை நீண்ட முன்னேற்றத்துக்கு ஒளிர்வு முறையிற் கிடைத்த விடை ஏறத்தாழ 63,000 ஆண்டு. அதில் சில ஆயிரம் ஆண்டு முன்பின் ஆகலாம். அளக்கப்பட்ட மாதிரிகளும் மிகப் பலவல்ல. ஆயினும் பெருங்கணக்கில் அது காட்டும் காலம் தெளிவானதே.

அவ்விடையே ஒரு புதிரையும் உண்டாக்கியது. உலகம் முழுவதையும் சேர்த்து நோக்கினால் நிலமீதிருந்த பனிக்கட்டி மிகப் பெருகியிருந்தது ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னராகும். அப்பொழுது கனடாவும் ஸ்கந்திநேவியாவும் கிலோமீற்றர்க் கணக்கான தடிப்புடைய கட்டியின்கீழ்ப் புதைந்திருந்தன. அத்துணை நீரும் நிலத்திற் சிறைப்பட்டதாற் கடல் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்தது. பாக்கு நீரிணை மிகவும் ஆழமற்றதாதலின் முற்றும் வறண்டு, இலங்கை பாரதத்தோடு ஒரே நிலமாயிருந்தது. நிந்தவூர்க் கரையோரத்திற் கடல் விரைவில் ஆழமாவதால் அங்குக் கரை அவ்வளவு தொலைவு விலகியிராது. மன்னார்ப் பக்கத்திலோ கடலே இல்லாது போயிற்று. இத்துணைக் குளிர்ந்த காலத்திற் கங்கோத்திரிப் பனிக்கட்டி மிக நீண்டிருக்கவேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் ஜாலாவின் மேடு அதற்கு நாற்பதினாயிரம் ஆண்டு முற்பட்டது. 20,000 ஆண்டுக்கு முந்திய பனிக்கட்டி அதனினும் குறுகியதாகவே இருந்திருத்தல் வேண்டும். ஏனெனில், பின்வந்த பெரிய முன்னேற்றம் தன் வழியிலுள்ள பழைய மேடுகளைத் துடைத்தழித்துவிடும். முன்னதைவிடச் சிறியதாயிருந்தாலன்றிப் பழையது எஞ்சியிராது.

குளிர் ஒன்றே பனிக்கட்டியை வளர்ப்பதன்று என்பதே இப்புதிரின் விடை. வறண்ட குளிர் பனிப்பொழிவைத் தராது. சேரும் பனி இல்லையேல் உருகுதல் குறைந்தும் பயனில்லை. கார்வால் இமயத்துக்குப் பனியை அளிப்பவை இரண்டு. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றுகள் ஒன்று. கோடையில் இந்துமாகடலின் ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று மற்றையது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன்னர் வடகோளத்தின் கோடைவெயில் பூமியின் சுற்றுவழி மாற்றத்தால் மிகுந்து, பருவக்காற்று வலுப்பெற்றிருந்தது; அதேவேளை, உயரத்தில் மழை பனியாகவே விழும் அளவு குளிரும் இருந்தது. 20,000 ஆண்டுகளுக்கு முன்னரோ குளிர் மிக்கிருந்தும் பருவக்காற்று தளர்ந்துபோயிற்று. உணவின்றி உடல் மெலிந்தாற்போற் பனிக்கட்டியாறு மெலிந்தது.

பருவக்காற்று அக்காலத்தில் தளர்ந்திருந்ததற்குச் சான்று இமயத்தில் மட்டுமன்று, இலங்கையிலேயே உண்டு. ஹோட்டன் சமவெளியின் சதுப்புநிலங்களில் அடுக்கடுக்காகப் படிந்த முற்றாநிலக்கரியைத் துளைத்தெடுத்து, அதனுட் புதைந்த மகரந்தத் துகள்களைப் பிரேமதிலக, ரிஸ்பேர்க் என்போர் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 24,000 ஆண்டுக்கும் 18,500 ஆண்டுக்கும் இடைப்பட்ட அடுக்குகள், இன்று முகிலும் மழையும் நீங்காத அச்சமவெளி அந்நாளில் அரைவறண்ட நிலமாயிருந்ததைக் காட்டுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மிகவும் குன்றியிருந்தது. பனிக்கட்டியையே காணாத நம் மலையின் மகரந்தமும், கங்கைத் தலையின் கற்குவையும் ஒரே காற்றைப்பற்றிச் சாட்சி கூறுகின்றன.

இம்முடிபை இமயம் முழுவதுக்கும் அப்படியே பொருத்துதல் கூடாது. மேற்கே காரக்கோரம் மலைத்தொடரின் பனிக்கட்டியாறுகள் பெரிதும் மேலைக்காற்றுகளின் குளிர்காலப் பனியால் வளர்வன. அவற்றின் ஏற்றத்தாழ்வு வேறொரு கால ஒழுங்கைப் பின்பற்றுகின்றது. பக்கத்துப் பள்ளத்தாக்குகள் இரண்டே தம்முள் ஒவ்வாமல் இருத்தலும் உண்டு. ஒன்றன் தலைப்பகுதி உயர்ந்தும் அகன்றும், மற்றையது தாழ்ந்தும் இருப்பதே அதற்குப் போதுமான காரணமாகும். ஆகவே ஒரு மொரெயினைக் கொண்டு உலகின் குளிரை அளப்பதைவிட, அப்பள்ளத்தாக்கின் குளிரும் ஈரமும் ஒருங்கே எவ்வாறிருந்தன என்று வினவுவதே முறை.

கோமுகத்தின் முனையும் அசையாது நிற்பதன்று. 1935-ஆம் ஆண்டில் இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஓடன் என்பார் அம்முனையை அளந்து படம் வரைந்தார். அப்படத்தோடு 1996-இன் அளவை ஒப்பிட்டபோது, இடைப்பட்ட 61 ஆண்டுகளில் முனை ஒரு கிலோமீற்றருக்கு மேற் பின்வாங்கியிருந்தது தெரியவந்தது. சராசரியாக ஆண்டொன்றுக்கு 18 அல்லது 19 மீற்றர் எனலாம். ஒரே இடத்தில் நீண்டகாலம் தங்கி நின்றாலன்றிப் பெரிய முனை மேடு குவிவதில்லை. இவ்வாறு விரைந்து பின்வாங்கும் பனிக்கட்டியாறு மேடாகக் குவிக்காமல், வழிநெடுகச் சிதறிய கற்களையே பள்ளத்தாக்கின் அடியில் விட்டுச்செல்கின்றது.